'ஷெட் டு ஷெட்' என்று நான் எழுதாமல் விட்ட வரி

கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி. கன்னியாகுமரியில் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். என் ஃபேஸ்புக் பதிவைப் பார்த்து 'கோல்டு பேக்கேஜ்' எடுத்திருந்தார்கள். பதிவில் இருந்தது இவ்வளவுதான்: "8 மணி நேரம், 80 கிலோமீட்டர், ஏசி கார், ரூ. 2,400 மட்டுமே." மாலையில் லாட்ஜ் வாசலில் நான் கொடுத்த பில் ரூ. 3,632. மகன் அதை இரண்டு முறை வாசித்தார். "ஏனுங்க, நீங்க போட்டது ரெண்டாயிரத்து நானூறுதானுங்களே?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கும் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

நாகர்கோவில் வடசேரியில் மூன்று வண்டி வைத்து ஓட்டுகிறேன். ஒன்றை நானே ஓட்டுவேன். அன்று ஓட்டியதும் நான்தான். அதனால் ஓட்டுநர் மேல் பழி போட வழியில்லை. பில்லில் பொய் ஒன்றும் கிடையாது. மீட்டர் 118 கிலோமீட்டர் காட்டியது. 80 போக 38 கூடுதல், கிலோமீட்டருக்கு 14 வீதம் ரூ. 532. ஒன்றரை மணி நேரம் கூடுதல், அதற்கு ரூ. 300. ஓட்டுநர் பேட்டா ரூ. 300. பார்க்கிங் ரூ. 100. எல்லாம் எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு.

அப்புறம்தான் அந்தப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "நாங்க சுசீந்திரம், பத்மநாபபுரம், வட்டக்கோட்டை மட்டும்தானே போனோம். அதெப்படி 118 ஆச்சு?" நான் 'ஷெட் டு ஷெட்' என்றேன். வண்டி என் ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே கிலோமீட்டர் ஓட ஆரம்பித்துவிடும், திரும்பி ஷெட்டுக்கு வந்தால்தான் நிற்கும். வடசேரியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். போக 20, வர 20. அதாவது அவர்கள் காசு கொடுத்த 80 கிலோமீட்டரில் பாதியை அவர்கள் வண்டியில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் நான் ஓட்டித் தீர்த்திருக்கிறேன். மணி நேரமும் அப்படியே. அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்க எங்களுக்கு வித்தது 40 கிலோமீட்டருங்க" என்றார்.

ரூ. 3,000 வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. பணம் குறைந்ததை விட, அவர் சொன்னது சரி என்பதுதான் உறுத்தியது.

அந்தப் பதிவைச் செய்தது என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான், டிசைன் நன்றாக வரும். "மாமா, எல்லாரும் மூணு பேக்கேஜ்தான் போடுறாங்க. சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு வச்சா கெத்தா இருக்கும்" என்றான். நானும் சரி என்றேன். சில்வர் 4 மணி நேரம் 40 கிலோமீட்டர், கோல்டு 8 மணி நேரம் 80, பிளாட்டினம் 12 மணி நேரம் 150. மேலே பெரிய எழுத்தில் 'ரூ. 1,400 முதல்'. பார்க்க நகைக்கடை விளம்பரம் மாதிரி அழகாகத்தான் இருந்தது.

அதைப் போட்ட பிறகு போன் நிறைய வந்தது. வந்ததெல்லாம் ஒரே மாதிரி. "ரேட் என்ன?" பதிவிலேயே ரேட் இருக்கிறதே என்று எனக்குக் கடுப்பாக வரும். அந்தப் பெரியவர் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர்கள் கேட்டது ரேட்டை அல்ல, "எனக்கு எவ்வளவு ஆகும்" என்பதை. திருச்சியிலிருந்து முதல் முறை வருகிறவருக்குக் கன்னியாகுமரிக்கும் பத்மநாபபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எப்படித் தெரியும்? 40 கிலோமீட்டர் போதுமா, 80 வேண்டுமா என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. அதை அவர் தலையில் கட்டிவிட்டு, சில்வரா கோல்டா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

'முதல்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ரூ. 1,400 முதல்' என்று போட்டால் படிக்கிறவர் மனதில் 1,400 நிற்கும், 'முதல்' நிற்காது. பிறகு நான் சொல்லும் எந்தத் தொகையும் அவருக்கு ஏற்றிச் சொன்ன தொகைதான். பேச்சு தொடங்கும்போதே நான் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுகிறேன். அந்தச் சொல்லை அன்றே எடுத்தேன்.

புதுப் பதிவு எழுத உட்கார்ந்தபோது பழைய டிரிப் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். யார் எங்கே ஏறினார்கள், எங்கெல்லாம் போனார்கள், மீட்டர் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு வாங்கினேன். கன்னியாகுமரியில் ஏறியவர்களை மட்டும் தனியே பிரித்தேன். பத்துக்கு எட்டுப் பேர் மூன்றே வகைதான். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிறவர்கள், இவர்களுக்குக் கிடைப்பது அரை நாள். ஒரு நாள் முழுவதும் வைத்துக்கொண்டு கோயில், அரண்மனை, கடற்கரை பார்க்க நினைக்கிறவர்கள். பிறகு திற்பரப்பு அருவியில் குளித்தே தீர வேண்டும் என்கிறவர்கள். மணி நேரத்தையும் கிலோமீட்டரையும் பார்த்து யாரும் டூர் போவதில்லை. திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு, கூட வருகிறவர்கள் யார் என்பதைப் பார்த்துத்தான் போகிறார்கள்.

அதனால் தங்கத்தையும் வெள்ளியையும் விட்டுவிட்டு, பேக்கேஜ்களுக்கு வெறுமனே 1, 2, 3 என்று எண் கொடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் முதல் வரி அது யாருக்கானது என்பது. மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. "ரேஷன் கார்டு மாதிரி இருக்கு மாமா" என்றான். இருக்கட்டும் என்றேன். போனில் சொல்ல எண்ணைப் போல வசதி வேறெதுவும் இல்லை. 'கோல்டு' என்றால் அதை விடக் குறைந்ததை எடுக்க மனிதனுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். அரை நாள் போதுமானவர் கெளரவத்துக்காக முழு நாள் எடுத்து, மதியத்துக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் லாட்ஜில் படுத்துத் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி வாசலில் சும்மா நிற்கும். காசு வரும்தான். ஆனால் அவர் ஊருக்குப் போய் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

இரண்டாம் எண்ணை நான் எழுதியது இப்படி:

"2. ஒரு முழு நாள் இருக்கிறவர்களுக்கு. காலை 8 மணிக்குக் கன்னியாகுமரியில் உங்கள் லாட்ஜ் வாசலில் வண்டி. சுசீந்திரம் கோயில், பத்மநாபபுரம் அரண்மனை, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தம், வட்டக்கோட்டை. மாலை 5 மணிக்குக் கடற்கரையில் விடுவோம், சூரிய அஸ்தமனத்துக்கு நேரம் இருக்கும். 4 பேர் வண்டி ரூ. 3,300. இதில் டீசல், ஓட்டுநர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் அடக்கம். நீங்கள் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை 90 கிலோமீட்டர். இந்த இடங்களுக்குச் சுமார் 80 ஆகும். நுழைவுச் சீட்டும் சாப்பாடும் உங்களுடையது. படகு இதில் இல்லை. திங்கட்கிழமை என்றால் இதை எடுக்காதீர்கள், அன்று அரண்மனை விடுமுறை. மூட்டு வலி உள்ளவர்கள் அரண்மனையின் மரப்படிகளில் ஏறச் சிரமப்படுவார்கள், முன்கூட்டியே சொன்னால் அதற்குப் பதில் வேறு இடம் பார்க்கலாம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தகராறு உண்டு. திங்கட்கிழமை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை திறக்காது. உள்ளூர்க்காரர்களுக்கே சிலருக்குத் தெரியாது. பூட்டிய வாசல் வரை ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகள் கம்பி வழியாக எட்டிப் பார்த்த நாள் ஒன்று என் கணக்கில் இருக்கிறது. அந்த வரியை மூன்றாம் எண்ணிலும் போட்டிருக்கிறேன், அதிலும் அரண்மனை உண்டு.

படியைப் பற்றிய வரி கோயம்புத்தூர் அம்மாவால் வந்தது. அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மரப்படிகள் குறுகல், செங்குத்து, சில இடங்களில் குனிந்துதான் ஏற வேண்டும். அந்த அம்மா முதல் படியிலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் சுற்றிப் பார்த்து வரும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார். கூடுதலான அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பகுதி அங்கேதான் போனது. முன்பே தெரிந்திருந்தால் அவர்களை நான் அங்கே அழைத்துப் போயிருக்கவே மாட்டேன்.

படகு இன்னொன்று. விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு. முதலில் அதையும் பேக்கேஜுக்குள் வைக்கலாமே, பார்க்கிறவர்களுக்கு நிறைவாக இருக்குமே என்று நினைத்தேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பழைய ஓட்டுநர் அண்ணாச்சி ஒருவர் தடுத்தார். "மக்கா, உன் கையில இல்லாத சாமானை உன் கடையில வைக்காதே" என்றார். கடல் உள்வாங்கினால் திருவள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. காற்று பலமானால் படகே கிடையாது. சபரிமலை சீசனில் வரிசையில் நின்றே பாதி நாள் போகும். 2024 டிசம்பர் கடைசியில் பாறைக்கும் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, போனவர்கள் அங்கே தங்கும் நேரமும் கூடியிருக்கிறது. அதை என் 9 மணி நேரத்துக்குள் நுழைத்தால் மற்ற எல்லாம் கவிழ்ந்துவிடும். ஆகவே 'படகு இதில் இல்லை' என்ற மூன்று சொல் போதும். படகுக்கு முந்தின நாளோ மறுநாளோ காலையில் சீக்கிரம் போங்கள் என்று போனில் சொல்லிவிடுவேன்.

விலைக்கு வருகிறேன், கை நடுங்கியது அங்கேதான். கோயம்புத்தூர்க்காரர் பில்லையே மாதிரியாக வைத்துக் கணக்குப் போட்டேன். மீட்டர் 118, அதில் வெறும் வண்டியாக ஓடிய 40 போனால் அவர்கள் ஓடியது 78. ஆக, லாட்ஜ் வாசலிலிருந்து எண்ணினால் 90 கிலோமீட்டர் தாராளம். அந்த 40-க்கான டீசலை அடிப்படை விலையிலேயே சேர்த்தேன். பேட்டாவையும் பார்க்கிங்கையும் சேர்த்தேன். ரூ. 3,300 வந்தது. அவர்களுக்கு நான் போட்ட பில்லை விடக் குறைவு, ஆனால் நான் விளம்பரம் செய்த விலையை விட 900 அதிகம். பக்கத்துக் கடைக்காரர் பதிவில் இன்னும் 2,400 என்றுதான் இருக்கிறது. அவர் வாங்குவதும் கடைசியில் 3,500-க்குக் குறையாது, எனக்குத் தெரியும். ஆனால் அது வாடிக்கையாளருக்குத் தெரியாதே.

இதற்கு ஒரு வரி எழுதினேன். "மற்ற இடங்களில் ரூ. 2,400 என்று பார்த்திருப்பீர்கள். கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது, பேட்டா உண்டா என்று அங்கே கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்." யாரையும் குறை சொல்லவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சிலர் அங்கே கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை, அதுவும் நியாயம்தான்.

பதிவு போட்ட முதல் மாதம் போன் பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நோட்டில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். அதற்கு முந்தின மாதம் 43 விசாரணை, 6 டிரிப். புது மாதம் 22 விசாரணை, 9 டிரிப். ஒரு மாதத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாதென்று இன்னும் இரண்டு மாதம் எழுதினேன். போன் கொஞ்சம் கூடியது, டிரிப் குறையவில்லை. பில்லுக்காக வாசலில் நின்று பேசிய நாள் மட்டும் அதற்குப் பிறகு இல்லை. விசாரணையின் தரம் என்று நான் பார்ப்பது போன் எத்தனை வந்தது என்பதையல்ல. முதல் செய்தியில் தேதி இருக்கிறதா, ஆள் எத்தனை என்று இருக்கிறதா என்பதைத்தான்.

அதற்குக் காரணம் பதிவின் கடைசி வரி. முன்பு 'தொடர்புக்கு' என்று எண் மட்டும் இருக்கும். இப்போது "வாட்ஸ்அப்பில் இந்த நான்கையும் அனுப்புங்கள்: எந்த நாள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை பேர் (வயதானவர், சிறு குழந்தை உண்டா), திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு" என்று இருக்கிறது. பாதிப் பேர் அப்படியே நான்கு வரியாக அனுப்புகிறார்கள். ஒரு மதுரைக்காரர் அனுப்பியது: "2. வியாழன். பீச் பக்கம் லாட்ஜ். 5 பேர், அப்பாவுக்கு முழங்கால் வலி. ரயில் ராத்திரிதான்." இதற்கு நான் ஒரே செய்தியில் பதில் சொல்லிவிடலாம்: 5 பேருக்கு 4 பேர் வண்டி போதாது, பெரிய வண்டி ரூ. 900 கூடுதல், அப்பாவுக்காக அரண்மனைக்குப் பதில் வேறு வழி. முன்பானால் இதற்கே ஏழெட்டு முறை போன் அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

வண்டி அளவில் நான் முதலில் சொதப்பினேன். மூன்று பேக்கேஜ், இரண்டு வகை வண்டி, ஆக ஆறு விலை. கட்டம் போட்டுப் பதிவிட்டேன், போனில் பார்த்தால் எழுத்தே தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லா பேக்கேஜுக்கும் ஒரே வண்டியின் விலையை மட்டும் போட்டு, "பெரிய வண்டி வேண்டுமானால் எதற்கும் ரூ. 900 கூட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியாக்கினேன். அரை நாளில் எனக்குக் கொஞ்சம் லாபம், திற்பரப்பு வழியில் கொஞ்சம் நட்டம். பரவாயில்லை. அதோடு '7 சீட்டர்' என்ற சொல்லையும் தூக்கினேன். அந்த ஏழில் ஓட்டுநரும் ஒருவர். பெட்டிகளோடு வருகிறவர்கள் என்றால் பின் சீட்டை மடக்க வேண்டும், அப்போது நாலைந்து பேர்தான். சின்ன வண்டியில் ஒன்று சிஎன்ஜி, டிக்கியில் பாதியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே "பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் சொல்லுங்கள்" என்று போட்டிருக்கிறேன். சீட்டை எண்ணுவதை விட்டுவிட்டு ஆளையும் பெட்டியையும் எண்ணினால் தகராறு இல்லை.

நான்காவதாக ஒரு எண் வைத்த தவறையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் இருப்பதை எடுக்கவைக்க மேலே ஒன்றை வேண்டுமென்றே விலை கூட்டி வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான்காவதாகத் திருவனந்தபுரம், கோவளம் சேர்த்து ரூ. 8,500 என்று வைத்துப் பார்த்தேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற நினைப்பு. ஒருவர் எடுத்துவிட்டார்! கேரளத்துக்குள் போகப் பர்மிட், அங்கே கட்ட வேண்டியது, பத்மநாபசுவாமி கோயிலில் வேட்டி கட்டாமல் உள்ளே விட மாட்டார்கள் என்பது, ஒன்றுக்கும் நான் தயாராக இல்லை. ஓட்டிவிட்டு வந்தேன், ஆனால் அந்த விலைக்குரிய நாளாக அது இல்லை, அவருக்கும் தெரிந்திருக்கும். மறுநாளே அதை எடுத்துவிட்டு, "கேரளம் என்றால் தேதி சொல்லிக் கேளுங்கள்" என்று மட்டும் விட்டேன். விற்க நினைக்காததை விலைப் பட்டியலில் வைக்கக் கூடாது.

பதிவின் அடியில் "இந்த விலை நவம்பர் 15 வரை" என்று ஒரு தேதி உண்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்குவார்கள், ஓட்டுநர் கிடைப்பதே கஷ்டம், விலை மாறும். தேதி போடாத பழைய பதிவு ஒன்றை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு வருடம் கழித்து என் முன்னால் நீட்டியபோது கற்றுக்கொண்டது இது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. இந்த விலையெல்லாம் கன்னியாகுமரியில் ஏறுகிறவர்களுக்கு. நாகர்கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி என் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஏறுகிறவருக்கு அந்த வெறும் 40 கிலோமீட்டர் கிடையாது. அவரிடமும் 3,300 வாங்குவது கோயம்புத்தூர்ப் பெரியவருக்குச் செய்ததையே வேறு விதத்தில் செய்வதுதான். "நாகர்கோவிலில் ஏறி இறங்கினால் ரூ. 400 குறைவு" என்று சேர்த்துப் பார்த்தேன். இப்போது நாகர்கோவிலில் ஏறிக் கன்னியாகுமரியில் இறங்கினால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். இருநூறு குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதிவில் இன்னும் எழுதவில்லை, அதை எழுதினால் வரி நீண்டு யாருக்கும் புரியாமல் போய்விடுமோ என்று தோன்றுகிறது. மருமகன் கட்டம் போடலாம் என்கிறான்.